காக்கி டவுசரின் பை

பம்பாய் மாஸ்டர் என்று தெருவே கூப்பிட்ட ஆளை நான் ஒரு தடவைகூட மாஸ்டர் என்று கூப்பிட்டதில்லை. தம்பி என்றுதான் சொல்வேன். வயதில் இளையவன் என்பதால் யாரும் அதைக் குறையாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் என் மனசில் இருந்த காரணம் வேறு. ஒரு கால்சட்டைக்குப் பை வைக்கத் தெரியாதவனை மாஸ்டர் என்று சொல்ல எனக்கு நாக்கு கூசும்.

எங்கள் வீட்டுக்காரர் விசைத்தறிக் கொட்டகையில் பிட்டர். தறி நின்றுபோனால் ஓட வைக்கிற வேலை. அவருடைய டவுசர்ப் பையில் எப்போதும் இரண்டு ஸ்பேனர், ஒரு திருப்புளி, நூல் இழுக்கிற கொக்கி இருக்கும். சட்டைப் பையில் நட்டு, போல்ட்டு, பென்சில் துண்டு, திருநீற்றுப் பொட்டலம். அவ்வளவு இரும்பையும் சுமந்துகொண்டு இரண்டு தறிகளுக்கு நடுவில் ஒருச்சாய்ந்து நுழைவார். அந்தச் சந்தில் நேராக நடக்க இடம் கிடையாது. அதனால் பை என்பது எங்கள் வீட்டில் அலங்காரம் இல்லை. அவர் குனிந்தாலும் எழுந்தாலும் அது தொடையோடு தொடையாக ஒட்டிக் கிடக்க வேண்டும். இல்லாவிட்டால் எதிலாவது மாட்டும். தறிக் கொட்டகையில் துணி மாட்டுகிறது என்றால் துணியோடு போகாது.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. தையல் வகுப்புக்கெல்லாம் போனதில்லை. கல்யாணத்துக்குச் சீதனமாக வந்த மிஷின் ஒன்று இருந்தது. பைத் தையலைக் கற்றுக்கொண்டது சந்தையில் வாங்கிய பழைய பட்டாளத்துக் கால்சட்டையைப் பிரித்துப் பார்த்துத்தான். அதைத் தைத்தவன் எந்த ஊர்க்காரனோ, நல்லா இருக்கட்டும். முழங்கால் கிழிந்திருந்தது, சாயம் போயிருந்தது, பை மட்டும் அசையவில்லை.

கொட்டகை முதலாளி தீபாவளிக்குத் தீபாவளி ஆளுக்கொரு காக்கித் துணி எடுத்துக் கொடுப்பார். நாங்கள் வீட்டிலேயே தைத்துக்கொள்வோம். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் அந்த வழக்கம் மாறியது. முதலாளி சம்சாரத்தின் தம்பி பம்பாயிலிருந்து வந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை போட்டான். கண்ணாடிக் கதவு, ஆளுயரக் கண்ணாடி, சுவரெல்லாம் பெல்பாட்டம் போட்ட ஆட்களின் படம். பம்பாயில் அவன் என்ன தைத்தான் என்று யாருக்கும் தெரியாது. தையல் கடை வாசலில் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான் என்றுகூட ஒரு பேச்சு உண்டு. பார்க்காததை நான் எழுதக்கூடாது. ஆனால் அவன் தைத்ததைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சை நம்பாமல் இருப்பது கஷ்டமாகத்தான் இருந்தது.

அந்த வருஷம் துணியாக வரவில்லை. பம்பாய் மாஸ்டர் தைத்த டவுசரும் சட்டையுமாக வந்தது. முதலாளி வீட்டுச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, ஓரத்தில் மஞ்சள் தடவி, அந்த அம்மா கையாலேயே கொடுத்தார்களாம். வீட்டுக்காரர் அதைப் பெருமையாகச் சொன்னார். நான் டவுசரை உள்பக்கம் திருப்பினேன். திருப்பினதும் மிஷின் பெட்டியிலிருந்து கத்திரியை எடுத்தேன்.

"ஏட்டி, மஞ்ச வச்சுக் குடுத்த துணி. அதுல போயி கத்திரியத் தூக்கிட்டு நிக்கே" என்றார்.

அவர் சொன்னது சரி. மஞ்சள் வைத்த புதுத்துணியை உடுத்தி, ஒருதரம் நனைத்த பிறகுதான் அதில் கத்திரி படலாம். என் அம்மா வீட்டிலும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான். அம்மனை நினைத்து வைத்த மஞ்சளை அவன் கோணல் தையலுக்காக நான் அவமதிக்க முடியாது. கத்திரியை வைத்துவிட்டேன். தீபாவளிக்கு உடுத்தட்டும், மறுநாள் நனைத்துக் காயப்போட்டு, அதற்கப்புறம் பிரித்துத் தைத்துத் தருகிறேன் என்றேன். சரி என்றார்.

தீபாவளிக் காலையில் அதை உடுத்திக்கொண்டு கோவிலுக்குப் போனோம். பையில் ஒன்றும் வைக்கவில்லை, வெறும் பை. அதற்கே இரண்டு பக்கமும் வாய் பிளந்து ஆட்டுக்குட்டிக் காது மாதிரி நின்றது. சட்டைப் பை ஒரு பக்கம் தாழ்ந்து கிடந்தது. பிரகாரத்தில் எங்கள் தெருப் பெண்கள் அவரை மேலும் கீழும் பார்த்து, பேண்ட்டு போட்ட ஆபீசர் மாதிரி இருக்காரே மதினி என்றார்கள். இவர்களுக்குச் சேலையில் ஒரு இழை ஓடியிருந்தால் கடைக்காரனை நிறுத்தி வைத்துச் சண்டை போடத் தெரியும். புருஷன் உடம்பில் தொங்குவதைப் பார்க்கக் கண் கிடையாது. பம்பாய்த் தையல் என்று ஒருத்தி சொன்னதும் மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

மறுநாள் நனைத்துப் போட்டேன். காய்ந்து எடுத்தபோது இன்னும் மோசம். பக்கத் தையல் முழுக்கச் சுருங்கிச் சுருங்கி, பை வாய் தானாகவே விரிந்து நின்றது. பிரிக்க உட்கார்ந்தேன். அன்றைக்கே கொட்டகையிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்: நாளைக் காலையில் கொட்டகை திறக்கிற பூஜை, எல்லாரும் புதுக் காக்கியில் வர வேண்டும் என்று முதலாளி உத்தரவு. அரைகுறையாகப் பிரித்தால் காலைக்குள் முடியாது, சமையலும் பிள்ளைகளும் இருக்கிறதே என்று வீட்டுக்காரரே என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டார். ஒருநாள் போட்டுவிட்டுத் தருகிறேன் என்றார்.

அந்த ஒருநாள்தான்.

மத்தியானம் சோற்றுக்கு வருகிற நேரத்துக்கு முன்னாலேயே வந்தார். வலது கை விரலைத் துண்டால் சுற்றியிருந்தது. கூட வந்த தறிக்காரர்தான் நடந்ததைச் சொன்னார். குறுக்கு நூலோடு இப்படியும் அப்படியும் ஓடுகிற நாடா ஒரு தறியில் சிக்கியிருக்கிறது. தறியை நிறுத்திவிட்டு, குனிந்து, நாடாவை அடித்துத் தள்ளுகிற கட்டைப் பக்கம் கையை விட்டுச் சரிசெய்துகொண்டிருந்திருக்கிறார். தறியை ஓட்டுகிற ஹேண்டில் இடுப்புப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்பேனர் கனத்தில் வாய் பிளந்து கிடந்த பை அந்த ஹேண்டிலை விழுங்கியிருக்கிறது. இவருக்குத் தெரியாது. சற்று நிமிர்ந்திருக்கிறார். பையோடு ஹேண்டிலும் நகர்ந்து, நின்ற தறி கையை உள்ளே வைத்துக்கொண்டே ஓடத் தொடங்கிவிட்டது. இழுத்துக்கொண்டார். அந்தத் தள்ளுகட்டை வந்து விரல் நுனியில் அடித்தது. நகம் போனது. அரைக் கணம் பிந்தியிருந்தால் விரல்கள் போயிருக்கும், அந்தக் கையை நம்பித்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது.

அதே வேகத்தில் சட்டைப் பையிலிருந்த நட்டு ஒன்று தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூல்மேல் விழுந்து, ஓடுகிற தறி இழைகளை அறுத்திருக்கிறது. முதலாளி சத்தம் கேட்டு வந்தாராம். வந்தவர் முதலில் குனிந்து பார்த்தது பாவை. எத்தனை இழை போச்சு என்று கேட்டாராம். அதற்கப்புறம்தான், விரலுக்கு என்ன வே என்று கேட்டாராம். காலையில் சூடம் காட்டித் திருநீறு பூசிய நெற்றி அது. அம்மனுக்கு அவர் செய்த அபிஷேகமெல்லாம் ஞாபகம் வந்தது. அவள் என்ன நினைத்திருப்பாள் என்றும் யோசித்தேன்.

டாக்டர் கட்டுப் போட்டுவிட்டார். நான் கோவிலுக்குப் போய் அம்மன் சன்னதியில் நின்று அழுதேன். கையைக் காப்பாற்றிக் கொடுத்தவள் அவள்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. புற்றுமண் கொண்டுவந்து அவர் நெற்றியில் இட்டு, கட்டின்மேல் கொஞ்சம் தடவினேன். பிறகு கத்திரியை எடுத்தேன்.

பிரித்துப் பார்த்தால் கோபம் வரவில்லை, அருவருப்பாக இருந்தது. பை உள்துணி முதலாளி தறியிலேயே நெய்த காடாத் துணி. கஞ்சி முறுக்கு போகாமல், நனைக்காமல் அப்படியே வெட்டித் தைத்திருக்கிறான். எங்கள் ஊரில் தறிக்காரன் வீட்டுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், புதுக் காடா முதல் தண்ணீரில் சுருங்கும் என்று. காக்கி மில் துணி, அது அசையாது. உள்ளே இருக்கிறது சுருங்கினால் வெளியே இருக்கிறது கசங்கத்தானே செய்யும். சும்மா கிடைக்கிற துணி என்று அக்காள் வீட்டிலிருந்து அள்ளிக்கொண்டு வந்திருப்பான். பை வாய்க்கு உள்ளே கரைத்துண்டு வைக்கவில்லை, அதனால் கை போகப்போக வாய் இழுபட்டு நீண்டது. இதெல்லாம்கூடப் போகட்டும். பையின் மேல்பக்கத்தை இடுப்புப் பட்டியில் சேர்த்துத் தைக்கவே இல்லை. அது பக்கத் தையலில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்பேனரின் கனமெல்லாம் அந்த ஒரு தையலை வெளியே இழுக்கிறது. வாய் பிளக்காமல் என்ன செய்யும்? சட்டைப் பை, துணி மிச்சம் பிடிக்க இழை கோணலாக வெட்டியது. இரண்டு மேல்மூலையிலும் நூல் ஒருதரம் திரும்பி வந்ததோடு சரி.

இதற்கிடையில் முதலாளி மச்சினனைக் கொட்டகைக்கு வரச்சொன்னார். அவன் வந்து செய்த பரிகாரத்தைச் சொல்கிறேன். எல்லார் டவுசரிலும் பை வாயைப் பாதிவரை கையாலேயே தைத்து மூடிவிட்டான். கை மட்டும் போனால் போதும் என்றானாம். ஸ்பேனரைப் பிடித்த கை திரும்பி வராது என்பது அந்த மண்டைக்கு ஏறவில்லை. பாக்கெட்டில் பட்டறையையே வைத்துக்கொண்டு அலைகிறார்கள், நான் என்ன செய்ய என்று வேறு பேசிவிட்டுப் போயிருக்கிறான். பிட்டர் பாக்கெட்டில் ஸ்பேனர் இருக்காமல் ரோஜாப்பூவா இருக்கும்?

நான் புதுசாகத் தைத்தேன். பழைய வேட்டியில் கெட்டியாக இருந்த பக்கம் கிழித்தேன். பலதரம் துவைத்த துணி, இனி சுருங்க அதில் ஒன்றும் இல்லை. கைக்கு அளவாக இரண்டு துண்டு. பின்துண்டின் வாய்ப்பக்கம் காக்கித் துணி ஒட்டுத் தைத்தேன், வாய் கொஞ்சம் திறந்தாலும் வெள்ளை தெரியாது, கை உரசினாலும் தேயாது. முன்பக்கம் வாய் நெடுக, வேட்டியின் நெய்த கரையைப் பட்டையாகக் கிழித்து வைத்துச் சேர்த்துத் தைத்தேன். கரை நீளாது. பையின் அடியை வட்டமாக வெட்டி, வெளிப்பக்கம் சேர்த்து ஒருதரம் தைத்து, திருப்பி மறுபடி ஒருதரம் தைத்தேன், பிசிறு உள்ளே மடங்கிப் போகும். வாயைக் கொஞ்சம் கீழே இறக்கி, மேல்முனையிலும் கீழ்முனையிலும் ஊசியை நெருக்கி நெருக்கி ஓட்டினேன். கடைசியாகப் பையை முன்பக்கம் சாய்த்துப் போட்டு, அதன் தலையை இடுப்புப் பட்டிக்குள் செருகித் தைத்தேன். இனி ஸ்பேனரின் கனம் இடுப்புக்குப் போகும், பக்கத் தையலுக்கு வேலை இல்லை.

சட்டைப் பைக்குக் காலண்டர் அட்டையில் அளவு வெட்டி, அதன்மேல் துணியை மடித்து இஸ்திரி போட்டு விளிம்பு எடுத்தேன். இழை நேராக, சட்டை இழையோடு ஒன்றாக. மேல்விளிம்பு இரண்டு மடிப்பு. மார்பு மேடாக இருக்கும், பையை இறுக்கி ஒட்ட வைத்தால் சட்டை சுருங்கும். அதனால் ஒரு நூல் தளர்வு விட்டேன். மூலை இரண்டிலும் உள்பக்கம் சின்னத் துண்டு வைத்து முக்கோணமாகத் தைத்தேன். நட்டு வெளியே விழாமல் இருக்கப் பையைக் கொஞ்சம் ஆழமாக விட்டேன்.

கட்டு அவிழ்த்த பிறகு வீட்டுக்காரரை அடுக்களையில் நிறுத்தி, இரும்பையெல்லாம் பையில் போடச் சொல்லி, குனியச் சொன்னேன், உட்காரச் சொன்னேன், அம்மிக்கும் சுவருக்கும் நடுவில் நுழையச் சொன்னேன். பை தொடையோடு கிடந்தது.

"கனமே தெரியலட்டி" என்றார்.

அதற்குமேல் அவரிடம் பாராட்டு எதிர்பார்க்க முடியாது.

செய்தி மற்ற தறிக்காரர்கள் வீட்டுக்குப் போனது. ஆபீசர் மாதிரி இருக்கார் என்று சொன்ன அதே பெண்கள் முந்தானைக்குள் டவுசரை மறைத்துக்கொண்டு கொல்லைப்புற வழியாக வந்தார்கள். முதலாளி சம்சாரத்துக்குத் தெரிந்தால் வம்பு என்று பயம். நான் தைத்துக் கொடுத்தேன். அவர்கள் முகத்துக்காக இல்லை. உள்ளே போகிற கை யார் கையாக இருந்தாலும் கைதானே.

தெரியாமல் இருக்குமா? ஒருநாள் பம்பாய் மாஸ்டரே வாசலில் வந்து நின்றான்.

"மதினி, என் தையலப் பிரிச்சுப் பிரிச்சுத் தெருவுக்கெல்லாம் தைச்சுக் குடுக்கியளாமே?"

"தைச்சதா இருந்தாத்தான தம்பி பிரிச்சேன்னு சொல்ல முடியும்" என்றேன்.

உட்காரச் சொல்லி மோர் கொடுத்தேன். வீடு தேடி வந்தவனுக்கு அது முறை. கொடியில் கிடந்த வீட்டுக்காரர் டவுசரை எடுத்துக் கையில் கொடுத்தேன். அவன் பை வாய்க்குள் கையை விட்டுப் பார்த்தான், சாண் வைத்து அளந்தான், தையலை நகத்தால் நெருடினான்.

"வாயக் கொஞ்சம் கீழ எறக்கி வச்சிருக்கிய. அவ்ளோதான?"

"உள்ள திருப்பிப் பாருங்க தம்பி."

"உள்ள யாரு மதினி பாக்கப் போறா?" என்று சிரித்தான்.

மோர் டம்ளரை வைத்துவிட்டுப் போனான். நான் ஆயிரம் தடவை யோசித்திருக்கிறேன், அவனைப் பிடித்து உட்காரவைத்து உள்பக்கத்தைக் காட்டியிருக்கலாமோ என்று. பலன் இருந்திருக்காது. கண் முன்னால் கிடந்த துணியைத் திருப்பச் சோம்பேறித்தனம் பட்டவனுக்கு யார் என்ன காட்ட முடியும்?

அடுத்த தீபாவளி வந்தது. பம்பாய் மாஸ்டர் மாதிரிக்கு ஒரு டவுசர் தைத்துக் கொட்டகைக்கே கொண்டுவந்து முதலாளியிடம் காட்டியிருக்கிறான். இந்த வருஷம் புது மாடல் பாக்கெட், இனிமேல் ஒரு குறையும் வராது என்றிருக்கிறான். வாயைக் கீழே இறக்கியிருந்தான். மேலே அழகாக இரண்டு வரிசை வெள்ளைத் தையல் ஓட்டியிருந்தான். என் பையை வெளியிலிருந்து பார்த்தவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தறிகளை நிறுத்தி எல்லாரையும் கூப்பிட்டு முதலாளி டவுசரைத் தூக்கிக் காட்டினாராம்.

எங்கள் வீட்டுக்காரர் முதலாளி முன்னால் நிமிர்ந்து பேசி நான் கேள்விப்பட்டதில்லை. சம்பளம் கேட்கக்கூடத் தலையைச் சொறிவார். அன்றைக்கு முன்னால் போய் டவுசரை வாங்கியிருக்கிறார். உள்பக்கம் திருப்பினார். மறுபடி நேராக்கி இடுப்புப் பக்கத்தைப் பிடித்துத் தொங்கவிட்டு, தன் பையிலிருந்த ஸ்பேனர் இரண்டையும் எடுத்து அந்தப் பையில் போட்டார். வாய் பிளந்துகொண்டது. அவர் அந்த வாயைத் தறியின் ஹேண்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். போன உடனே மாட்டிக்கொண்டது. இழுக்கவில்லை, அப்படியே தொங்கவிட்டுவிட்டுக் கையை எடுத்தார். நகம் கோணலாக முளைத்த விரல் எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

"மொதலாளி, துணியாவே குடுங்க. வீட்ல தைச்சுக்கிடுதோம்" என்றார்.

பின்னால் நின்ற தறிக்காரர்கள் எல்லாரும் ஆமாம் மொதலாளி என்றிருக்கிறார்கள். மாஸ்டர், பாக்கெட்டில் இரும்பு வைக்கிறதுதான் தப்பு என்று தொடங்கினானாம். ஏலே, நீ சும்மா கெட என்று முதலாளியே சொல்லிவிட்டாராம்.

துணியாகவே கொடுத்தார். இரக்கப்பட்டு அல்ல. தையல் கூலி மிச்சம் என்று சம்சாரத்திடம் சொல்லிச் சிரித்ததாக அந்த வீட்டு வேலைக்காரி வந்து சொன்னாள். போகட்டும். எனக்கு வேண்டியது துணிதான், அவர் மனசு இல்லை. மஞ்சள் மட்டும் அவர்கள் வைக்க வேண்டாம், தைத்து முடித்த பிறகு நானே எங்கள் வீட்டு விளக்குக்கு முன்னால் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லியனுப்பினேன். அதிலிருந்து எந்தத் துணியிலும் மஞ்சளுக்கு அப்புறம் கத்திரி பட வேண்டிய தேவை வரவில்லை.

பம்பாய் மாஸ்டர் கடை அப்புறமும் நடந்தது. கல்யாண மாப்பிள்ளைகள் போனார்கள். கல்யாண மாப்பிள்ளை பையில் என்ன வைக்கப் போகிறான், ஒரு கைக்குட்டை. அதற்கு அவன் போதும்.

அந்த முதல் டவுசர், நான் பிரித்துத் தைத்தது, பின்னால் உட்காருகிற இடம் தேய்ந்து, தொடை நைந்து, கரித்துணிக்குப் போக வேண்டிய நாள் வந்தது. கிழித்தேன். பை மட்டும் கிழியவில்லை. இடுப்புப் பட்டியோடு சேர்த்து வெட்டி எடுத்து, நல்லாத் துவைத்து, சாமி அலமாரிப் பக்கம் ஆணியில் மாட்டினேன். சூடம், தீப்பெட்டி, திரி எல்லாம் அதில்தான் கிடக்கிறது. வீட்டுக்காரர் காலையில் விளக்கேற்றும்போது அந்தக் கோணல் நக விரலை அதற்குள் விட்டுத் தீப்பெட்டி எடுப்பார். சுவரோடு சுவராகத் தட்டையாகத்தான் தொங்குகிறது.